கணவர் அருப்புக்கோட்டையில், பள்ளி தளியில்: ஒரு மாறுதல் விண்ணப்பத்தின் பாதை

ஞாயிற்றுக்கிழமை இரவு மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து வடக்கே போகும் பேருந்துகளில் ஏறிப் பாருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று பலகை மாட்டிய வண்டிகளில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் உட்கார்ந்திருப்பார்கள். திங்கள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். கணவர் தெற்கே, பிள்ளை பாட்டி வீட்டில், வேலை வடக்கே. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடுகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

ஆசிரியர் தேர்வு வாரியம் மாநில அளவில் தேர்வு நடத்துகிறது. தேர்ச்சி பெறுபவர்களில் தென் மாவட்டத்தினர் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் தென் மாவட்டப் பள்ளிகள் பெரும்பாலும் நிரம்பியவை. காலியிடம் கிடப்பது வட மாவட்டங்களில். எனவே முதல் நியமனம் வடக்கே கிடைக்கிறது. சேர்ந்த நாளிலிருந்தே ஊர் திரும்பும் ஏக்கமும் தொடங்கிவிடுகிறது. கணவனோ மனைவியோ வேறு மாவட்டத்தில் அரசுப் பணியில் இருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லி மாறுதல் கேட்க வழி இருக்கிறது. ஆசிரியர்கள் பேச்சில் இதற்குப் பெயர் ‘ஸ்பவுஸ்’. “இந்த வருஷம் ஸ்பவுஸ் போட்டிருக்கீங்களா டீச்சர்?” என்ற கேள்வி கோடை விடுமுறை நெருங்கும்போது எல்லா ஆசிரியர் அறைகளிலும் கேட்கும்.

அந்த விண்ணப்பம் எப்படி எழுதப்படுகிறது, எந்தச் சான்றுகளோடு போகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தகுதி இருந்தும் ஒரு காகிதம் சரியில்லாமல் இன்னோர் ஆண்டைத் தொலைவில் கழிக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அந்த ஓர் ஆண்டில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பை முடித்துவிடும்.

முன்னுரிமை என்பது எது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் ஒரே ஊரில் பணி தரவேண்டும் என்பது சட்டம் கொடுத்த உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக 1986ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தம்பதியரை இயன்றவரை ஒரே இடத்தில் அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். 2009 செப்டம்பரில் அது இன்னும் வலுவாகத் திரும்ப வெளியிடப்பட்டது. இருந்தாலும் 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம், பாங்க் ஆப் இந்தியா தொடர்பான ஒரு வழக்கிலும் எஸ்.எல். அப்பாஸ் வழக்கிலும், இத்தகைய வழிகாட்டுதல் விரும்பத்தக்கதுதான், ஆனால் அதை வைத்து மாறுதலை உரிமையாகக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. 2022 மார்ச்சில் நௌஷாத் ரஹ்மான் வழக்கில் வந்த தீர்ப்பு சற்றுக் கனிவானது. குடும்ப வாழ்க்கையைக் காப்பதும் அரசியல் சாசனம் தரும் கண்ணியத்தின் ஒரு பகுதி, மாறுதல் கொள்கை வகுக்கும்போது அரசு அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அப்போதும் அந்த வழக்கில் குறிப்பிட்ட எவருக்கும் நேரடியாக மாறுதல் வழங்கச் சொல்லவில்லை. கொள்கையை மீண்டும் பரிசீலிக்கும்படி துறையிடம் சொன்னார்கள்.

இவை மத்திய அரசு, பொதுத்துறை வங்கி ஊழியர்களைப் பற்றிய வழக்குகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியரைப் பொறுத்தவரை, பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் பொது மாறுதல் கலந்தாய்வு நெறிமுறைதான் வேதம். 2021 டிசம்பர் 17ஆம் தேதியிட்ட அரசாணை 176 இதற்கு அடிப்படையாக இருந்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அட்டவணையும் விளக்கங்களும் தனியாக வரும். அந்த நெறிமுறை சில பிரிவினருக்கு வரிசையில் முன்னிடம் தருகிறது. பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக மாற்று சிகிச்சை, இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய் போன்ற கடும் நோய்க்கு ஆளானோர், ராணுவ வீரர்களின் மனைவியர் என்று அந்தப் பட்டியல் போகும். கணவன்–மனைவி பணிபுரியும் இனம் அதில் பின்பகுதியில்தான் வருகிறது.

ஆக, ஸ்பவுஸ் முன்னுரிமை தருவது வரிசையில் ஓர் இடம். இடம் கிடைக்குமா என்பது காலியிடத்தைப் பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தானாகப் புரியும். கண்ணீர்க் கதை வேண்டாம். அந்த வரிசையில் நிற்கத் தகுதி உண்டு என்பதற்கு ஐயமற்ற சான்று வேண்டும்.

ஓர் ஆசிரியையின் கோப்பு

புரிந்துகொள்வதற்காக ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம் தளிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். 2019 ஜூனில் சேர்ந்தவர். கணவர் விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில் பொதுப்பணித் துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஒரே மகன் கணவரின் தாயாரிடம் வளர்கிறான்.

கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும் இவர் எமிஸ் தளத்தில் தனக்குரிய எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பெயர், பாடம், இப்போதைய பள்ளியில் சேர்ந்த நாள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். முன்னுரிமை கேட்கும் இடத்தில் கணவன்–மனைவி இனத்தைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு அச்செடுத்து, கையெழுத்திட்டு, சான்றுகளை இணைத்துத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் சரிபார்த்துத் தளத்தில் ஒப்புதல் தந்தால் விண்ணப்பம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் நகரும். இவரே தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தால் நடுவில் வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். 2022இல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்தபின் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற குழப்பம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்னும் இருக்கிறது. தலைமையாசிரியருக்குச் சம்பளப் பட்டியல் எந்த அலுவலகம் தொடர்பானது என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

அச்செடுத்த படிவத்தோடு ஒரு கடிதமும் வைப்பது நல்லது. தளத்துக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் பின்னால் ஏதாவது சிக்கல் வந்து மேல்முறையீடு செய்ய நேர்ந்தால், இன்ன நாளில் இன்ன காரணம் சொல்லி இன்ன சான்றுகளோடு கேட்டேன் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கடிதத்தின் நகல்தான். நம் ஆசிரியையின் கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: பணிப் பதிவேட்டில் உள்ளபடி பெயர், பட்டதாரி ஆசிரியர் (கணிதம்), பள்ளியின் பெயர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர், கிருஷ்ணகிரி. (உரிய வழியாக: தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், இடைநிலை.)

பொருள்: பள்ளிக் கல்வி – பொது மாறுதல் – கணவர் பணிபுரியும் விருதுநகர் மாவட்டத்துக்கு மாறுதல் கோருதல் – சான்றுகள் இணைத்து அனுப்புதல் – தொடர்பாக.

“அம்மையீர், நான் மேற்கண்ட பள்ளியில் 18.06.2019 முதல் பணிபுரிந்து வருகிறேன். என் கணவர் அருப்புக்கோட்டையில் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக 04.09.2017 முதல் முறையான பணியில் உள்ளார். இருவர் பணியிடங்களுக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உள்ளது. இந்த முன்னுரிமையில் நான் இதற்கு முன் மாறுதல் பெற்றதில்லை. என் கணவரும் இவ்வாண்டு இக்காரணத்தால் மாறுதல் கோரவில்லை. எனவே, மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் கலந்தாய்வில் கணவன்–மனைவி பணிபுரியும் இனத்தில் என் பெயரைச் சேர்த்து, விருதுநகர் மாவட்டத்தில் மாறுதல் வழங்கப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதன்கீழ் இணைப்புகளை எண்ணிட்டு எழுதி, நாள், இடம், கையெழுத்து.

இவ்வளவுதான். இதில் மாமியாரின் சர்க்கரை நோய் இல்லை, மகன் இரவில் அழுவது இல்லை. அவை பொய் என்பதல்ல. இந்த இனத்தில் அவற்றுக்கு இடமில்லை, அவ்வளவே. அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவர் கண் தேடுவது நான்கே விஷயங்கள்: திருமணம் ஆனவரா, துணைவரின் வேலை நெறிமுறைக்குள் வருகிறதா, அவர் எங்கே வேலை செய்கிறார், இடையே எவ்வளவு தூரம். நான்குக்கும் விடை முதல் பக்கத்திலேயே இருந்து, பின்னால் அதற்கான சான்றும் இருந்துவிட்டால் கோப்பு நிற்காமல் போகும்.

‘முன் மாறுதல் பெற்றதில்லை’, ‘கணவர் கோரவில்லை’ என்ற இரண்டு வரிகளைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தம்பதியர் இருவரும் ஆசிரியர்களாக இருக்கும்போது இது முக்கியமாகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் ஊருக்கு மற்றவர் மாறுதல் கேட்டால் இருவரும் இடம் மாறி மீண்டும் பிரிந்து நிற்பார்கள். அதனால்தான் ஒருவர் கேட்கிறார், மற்றவர் கேட்கவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு.

பணிச் சான்று என்னும் அச்சாணி

இணைப்புகளில் உயிர்நாடி, கணவரின் அலுவலகத் தலைவர் தரும் பணிச் சான்று. மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் தவறுகள் மிகுதி.

அருப்புக்கோட்டைக் கணவர் தன் மேலாளரிடம் போய், “சார், வீட்டுக்காரிக்கு டிரான்ஸ்பருக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்” என்கிறார். அவரும் நல்ல மனத்தோடு ஒரு வெள்ளைத்தாளில், இன்னார் எங்கள் அலுவலகத்தில் பணிபுரிகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். இந்தச் சான்று செல்லாமல் போக நிறைய வாய்ப்பு. எந்தப் பதவி, எந்த நாளிலிருந்து, எந்த ஊர் என்பது இல்லை. முறையான பணியா, தொகுப்பூதியமா, ஒப்பந்தமா என்பது இல்லை. கையெழுத்திட்டவர் அலுவலகத் தலைவரா, பிரிவுக் கண்காணிப்பாளரா என்பதும் தெரியவில்லை.

சரியான சான்று அலுவலகத்தின் கடிதத்தாளில், ந.க. எண்ணும் நாளும் போட்டு, பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள், இப்போதைய இடத்தில் சேர்ந்த நாள், அலுவலகம் இருக்கும் ஊரும் மாவட்டமும், பணியின் தன்மை, மனைவியின் பெயரும் அவர் ஆசிரியர் என்ற விவரமும் எழுதி, பெயரோடும் பதவி முத்திரையோடும் அலுவலகத் தலைவர் ஒப்பமிட்டதாக இருக்கும். நெறிமுறையோடு படிவம் வந்திருந்தால் அந்தப் படிவத்திலேயே வாங்கிவிட வேண்டும். நாளும் அண்மையதாக இருக்க வேண்டும். போன ஆண்டு வாங்கிய சான்றின் நகலை இந்த ஆண்டும் இணைப்பவர்கள் உண்டு. இடையில் கணவர் மாறுதலாகியிருக்கலாமே என்று அலுவலகம் கேட்டால் பதில் இல்லை.

ஊரின் பெயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில துறைகளில் சம்பளம் வழங்கும் அலுவலகம் ஓர் ஊரிலும் வேலை செய்யும் இடம் வேறோர் ஊரிலும் இருக்கும். மின்வாரியத்திலோ பொதுப்பணித் துறையிலோ கள அலுவலகத்தில் இருப்பவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சான்று வந்தால், சான்றில் தலைமை அலுவலக ஊரே இருக்கும். ஆசிரியை அருப்புக்கோட்டைக்குக் கேட்கிறார், சான்று விருதுநகர் என்கிறது, அல்லது சென்னை என்கிறது. எனவே ‘பணிபுரியும் இடம்’ என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். கணவரின் கடைசி மாறுதல் ஆணை நகலும் அண்மைச் சம்பளப் பட்டியலும் சேர்த்து வைத்தால் சான்று சொல்வதை அவை உறுதிப்படுத்தும். அரசு ஊழியர் என்றால் களஞ்சியம் செயலியில் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம்.

துணைவரின் வேலை எது என்பதிலும் கவனம் வேண்டும். மாநில அரசு ஊழியர் என்றால் கேள்வி இல்லை. வங்கி, பொதுத்துறை நிறுவனம், அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சி அமைப்பு என்று வரும்போது அந்த ஆண்டின் நெறிமுறையில் உள்ள சொற்களை வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் முன்னுரிமையைத் தேர்வு செய்ய வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் கணவரைக் காட்டி இந்த இனத்தில் கேட்பது பயன்படாது. அவர்கள் பொது வரிசையில் நின்றுதான் கேட்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், பிரிவின் வலி தனியார் வேலைக்காரர் வீட்டில் குறைவில்லை என்பதே என் கருத்து. ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது.

திருமணத்துக்கு, பதிவுச் சான்று இருந்தால் எல்லாம் எளிது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். பணிப் பதிவேட்டில் கணவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்த பெண்கள் பலரின் பதிவேட்டில் வாரிசு நியமனத்தில் தந்தை பெயரே நிற்கும். எமிஸ் பதிவிலும் திருமண நிலை மாறாமல் கிடக்கும். இவை கலந்தாய்வு அறிவிப்பு வரும் முன்பே திருத்தப்பட வேண்டியவை. அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருப்பது சில நாள்கள்தான்.

தலைப்பெழுத்துச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. பணிப் பதிவேட்டில் ஆசிரியையின் பெயருக்கு முன் தந்தையின் ‘மு’ இருக்கும். குடும்ப அட்டையில் கணவரின் ‘செ’ வந்திருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். கணவரின் பணிச் சான்றில் மனைவி பெயர் ‘செ’ என்றும் விண்ணப்பத்தில் ‘மு’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவர்தானா என்று எழுத்தர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவார். கணவர் தன் அலுவலகத்தில் சான்று கேட்கும்போதே மனைவியின் பெயரைப் பணிப் பதிவேட்டில் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் இந்தத் தொல்லை வராது.

தூரத்தைப் பொறுத்தவரை, இருவர் பணியிடங்களுக்கும் இடையே நெறிமுறை சொல்லும் அளவுக்கு மேல் தொலைவு இருக்க வேண்டும். தளிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே அதில் ஐயமே எழாது. பக்கத்துப் பக்கத்து ஒன்றியங்களில் வேலை செய்யும் தம்பதியருக்குத்தான் இது தலைவலி. அவர்கள் வீட்டிலிருந்து அளப்பார்கள். அலுவலகமோ பணியிடத்திலிருந்து பணியிடத்துக்கு அளக்கும்.

இணைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம். நல்லெண்ணத்தில் யாராவது வாங்கித் தருவார்கள். பணி தொடர்பான காரியத்துக்கு வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973க்கு எதிரானது. உதவும் என்று வைத்த தாளே அவருக்கு எதிரான ஆவணமாகிவிடும். பொய்ச் சான்று வைப்பது அதைவிட மோசம். கிடைத்த மாறுதல் ரத்தாவதோடு, ஆசிரியர்கள் கேட்டாலே அஞ்சும் 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வந்து சேரும்.

சான்றுகளைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கும்போது இன்னொரு நகலில் நாளுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டியதில்லை, இது அலுவலக நடைமுறை. அதன்பிறகு எமிஸ் தளத்தில் விண்ணப்பத்தின் நிலையைக் கடைசி நாளுக்கு முன் திறந்து பார்க்க வேண்டும். காகிதம் கையில் போய்ச் சேர்ந்திருக்கும், தளத்தில் ஒப்புதல் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். தேர்வுப் பணி, விடுமுறை, இணையக் கோளாறு என்று காரணம் ஏதாவது இருக்கும். கடைசி நாள் மாலை தளம் மூடிய பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

கலந்தாய்வு நாள்

முன்னுரிமைப் பட்டியல் வெளியானதும் தன் பெயர் எந்த இனத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் முறையிட அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். முன்னுரிமை இனங்கள் முடிந்த பிறகே மற்றவர்கள் அழைக்கப்படுவார்கள். ஒரே இனத்துக்குள் இருப்பவர்களில், இப்போதைய பள்ளியில் முதலில் சேர்ந்தவர் முன்னே நிற்பார்.

நம் ஆசிரியை 2019இல் சேர்ந்தவர். அதே கணிதப் பாடத்தில் விருதுநகர் கேட்கும் 2014ஆம் ஆண்டுக்காரர் ஒருவர் முன்னுரிமை இல்லாதவர் என்றால், அவருக்கு முன்பே இவர் அழைக்கப்படுவார். ஸ்பவுஸ் தரும் பலன் இதுதான். ஆனால் ஸ்பவுஸ் இனத்திலேயே 2016இல் சேர்ந்த ஒருவர் விருதுநகர் கேட்டால் அவர் இவருக்கு முன். அவர்கள் அனைவருக்கும் முன்னே நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும். விருதுநகரில் அந்த ஆண்டு கணிதத்துக்கு மூன்றே இடங்கள் காலி என்று வைத்துக்கொள்வோம். இவர் முறை வருவதற்குள் மூன்றும் போய்விடக் கூடும்.

அந்த மூன்று இடங்களும் எப்படி மிஞ்சியவை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மாவட்டத்துக்குள் மாறுதல் கலந்தாய்வு முதலில் நடக்கும். விருதுநகர் மாவட்டத்திலேயே வேலை செய்பவர்கள் நகரத்தை ஒட்டிய நல்ல இடங்களை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் விட்டுவந்த பள்ளிகள் காலியாகிப் பட்டியலில் ஏறும். அந்த மிச்சந்தான் வெளி மாவட்டத்தாருக்குத் திறக்கப்படுகிறது. எனவே அருப்புக்கோட்டை ஊருக்குள்ளேயே பள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர், திரையில் தான் கேள்விப்பட்டிராத நான்கு கிராமப் பெயர்களைப் பார்த்துத் திகைப்பார். யோசிக்க அதிக நேரம் தரமாட்டார்கள். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். அங்கே ‘விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதவர்கள் உண்டு. அவசரத்தில் பேருந்தே போகாத ஊரை எடுத்துவிட்டு அழுதவர்களும் உண்டு.

இதற்குத் தயாரிப்பு வேண்டும். கணவர் அந்தப் பகுதியிலேயே இருக்கிறார் அல்லவா, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவிட்டால் போதும். மாவட்டத்தில் கணிதப் பணியிடம் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் எவற்றுக்குக் காலை எட்டு மணிக்குப் பேருந்து இருக்கிறது, எங்கே மாலை ஆறுக்குப் பிறகு திரும்ப முடியாது என்று விருப்ப வரிசையில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டையிலிருந்து மாவட்ட எல்லை அதிக தூரமில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி, தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம், மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி எல்லாம் எட்டிவிடும் தூரந்தான். துணைவரின் பக்கத்து மாவட்டத்தில் இந்த முன்னுரிமையைப் பயன்படுத்த அந்த ஆண்டு நெறிமுறை இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், விருதுநகர் கைநழுவும் கணத்தில் தடுமாற வேண்டியதில்லை. தளியிலிருந்து கமுதிக்கு வந்துவிட்டாலே குடும்பம் இரவில் ஒரே கூரையின் கீழ் தூங்கும்.

காலியிடங்களை முழுமையாகக் காட்டுவதில்லை என்ற குறை ஆசிரியர்களிடையே நெடுநாளாக உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மாவட்டத்தின் பாடவாரிக் காலியிடங்களைக் கேட்கலாம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால், கலந்தாய்வு அறிவித்த பிறகு கேட்பதில் பயனில்லை. பிப்ரவரி, மார்ச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

இடம் கிடைக்காமல் போனால் அடுத்த கதவு மனமொத்த மாறுதல். விருதுநகர் மாவட்டத்தில் பணிபுரியும், கிருஷ்ணகிரிப் பக்கம் வர விரும்பும் ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதவியும் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே வர விரும்புபவர்கள் குறைவு என்பதால் இது அரிதாகவே கைகூடும். ஆனாலும் வடக்கே பிறந்து தெற்கே வேலை பார்ப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களும் இப்படித்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முன்னுரிமையையே மறுத்துவிட்டார்கள் என்றால் அது வேறு. காலியிடம் இல்லாததால் கிடைக்காமல் போவதும், சான்று ஏற்கப்படாமல் வரிசையில் சேர்க்கப்படாமல் போவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, இயக்குநருக்கு உரிய வழியாக முறையிடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தை அணுகுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது, மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி அதிகாரிக்கு ஓர் உத்தரவு. மாறுதல் ஆணையே நீதிமன்றத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்துச் செலவு செய்யக் கூடாது.

ஆணை கையில் வந்த பிறகு

ஆணை கிடைத்தாலும் உடனே பெட்டி கட்டிவிட முடியாது. பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள் இருந்து ஒருவர் மாறுதல் பெற்றால், மாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகே விடுவிப்பது வழக்கம். மலைப்பகுதிப் பள்ளிகளிலும் எல்லையோரப் பள்ளிகளிலும் அந்த மாற்று ஆசிரியர் வராமலே மாதங்கள் கழிவதுண்டு. இந்தக் கட்டுப்பாடு பறிக்கும் நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கணித ஆசிரியர் வேண்டுமே என்பதும் உண்மை. வட மாவட்டங்களுக்கு உள்ளூர் ஆசிரியர்கள் போதிய எண்ணிக்கையில் வராதவரை, ஒரு குடும்பம் சேரும்போது ஒரு வகுப்பறை காலியாவதைத் தவிர்க்க முடியாது. துறை இதற்கு விடை காண வேண்டும். தனி ஆசிரியையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது முறையல்ல.

சொந்த விருப்பத்தில் பெறும் மாறுதல் என்பதால் பயணப்படி கிடையாது. வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிவரும் செலவு தம்பதியருடையது. விடுவிப்பு ஆணையோடு கடைசி ஊதியச் சான்றையும் கையோடு கேட்டு வாங்க வேண்டும். அது புதிய அலுவலகத்துக்குப் போகாமல் சம்பளம் தாமதமாவது அடிக்கடி நடக்கிறது. பணிப் பதிவேட்டில் மாறுதல், விடுவிப்பு நாள், விடுப்புக் கணக்கு மூன்றும் பதிவாகியிருக்கின்றனவா என்று பழைய பள்ளியை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வருவது பெரும்பாடு.

தொடக்கக் கல்வியில் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்ட காலத்தில், ஒன்றியம் விட்டு மாறியவர் புதிய ஒன்றியத்தின் கடைசி இளையவராகி, பதவி உயர்வில் பின்னுக்குப் போனார். குடும்பத்துக்காகத் தலைமையாசிரியர் பதவியை விட்டுக்கொடுத்த இடைநிலை ஆசிரியைகள் எத்தனையோ பேர். 2023 டிசம்பர் 21ஆம் தேதி வந்த அரசாணை 243, அந்தப் பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. அந்த ஆணையை எதிர்த்து ஆசிரியர் அமைப்புகள் போராடின. பதவி உயர்வு என்றால் இனி மாநிலத்தின் எந்த மூலைக்கும் போக நேரிடும் என்பது அவர்களின் அச்சம். அது பெண் ஆசிரியர்களை மீண்டும் குடும்பத்திலிருந்து பிரிக்கும் என்றார்கள். எனவே இன்று மாவட்டம் மாறப்போகும் இடைநிலை ஆசிரியர், தன் பணிமூப்பு இப்போது எந்தப் பட்டியலில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சேரும் முன்பே தன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பெறுவது நல்லது.

நம் கணித ஆசிரியைக்கு இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். புதிய பள்ளியில் சேரும் நாளிலிருந்து மாறுதல் வரிசைக்கான அவருடைய கணக்கு மீண்டும் தொடங்குகிறது. 2019 என்ற நாள் இனி அவருக்கு உதவாது. கமுதியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டே அருப்புக்கோட்டைக்கு நகரலாம் என்று திட்டமிட்டால், வரிசையின் கடைசியில் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும். அதிலும், முன்னுரிமையை ஒருமுறை பயன்படுத்திவிட்டவர் அதை உடனடியாக மறுபடி கோர முடியுமா என்பதற்கு நெறிமுறை தரும் விடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கலந்தாய்வில் எடுக்கும் பள்ளி, பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிக்கும்வரையாவது தம்பதியர் இருவரும் போய்வரத் தாங்கும் பள்ளியாக இருக்கட்டும். கணவர் எழுதிய அந்த விருப்பத் தாளில், பேருந்து நேரத்துக்கு அடுத்து இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.